மனசுக்குள் நடந்த தெரு

ஜூஜுவாடியில் தெரு என்று சொன்னால் அது ஒரே தெருதான். ஒரு முனையில் ஏரி, மறு முனையில் பெங்களூர் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் மைசூர் எல்லை. சேலம் ஜில்லாவில் குடியை நிறுத்தியதிலிருந்து எல்லைக்கு அப்பால் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்களுக்காக ரோட்டு முனையில் ஒரு சோதனைச் சாவடியும் வந்துவிட்டது. தெருவில் இருக்கிற வீடுகளெல்லாம் முகத்தைத் தெருவுக்குக் காட்டி, முதுகைப் பின்சந்துக்குக் காட்டி நின்றன. பின்சந்தில் சாம்பல் மேடு, எருக்குழி, மாட்டுக்கொட்டகைச் சுவர், மறுபடியும் சாம்பல் மேடு.

சம்பங்கி நடப்பது பின்சந்தில்தான். அவளுக்கு இருபது வயசு நடக்கும்போது புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். அறுத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. ஏரிப் பக்கத்துக் கடைசி வீட்டில் இருந்த அண்ணன் கோவிந்தப்பன் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டான். வந்த மாசமே ஒரு காரியம் நடந்துவிட்டது. தயிர் வாங்கச் சொம்போடு தெருவில் போனவள் எதிரில், தெருவின் பெரிய வீட்டுக்காரர் நாராயணப்பன் கோர்ட்டுக்குக் கிளம்பி வாசல்படி இறங்கினார். அவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் மறைகிற வரைக்கும் நடையிலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். அவர் நிலத்தைத்தான் கோவிந்தப்பன் விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தான். அன்று முதல் தண்ணீருக்கும் சாணிக்கும் விறகுக்கும் சம்பங்கி பின்கதவு வழியாகப் போய்ப் பின்கதவு வழியாக வந்தாள். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டியிருந்தால் பூட்டைப் பார்த்துத் திட்டவாவது திட்டலாம்.

அந்தப் பின்கதவுக்கு ஒரு நாள் அன்னமேரி வந்தாள். கிருஷ்ணகிரியில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் ஊராக அம்மை குத்த வருகிறவள். சம்பங்கியைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தாள், முழங்காலில் சிராய்ப்பு ஆறுவதற்குள் அடுத்த சிராய்ப்பு வந்துவிடும்.

"ஏழாவது வரைக்கும் படிச்சியாமே?" என்றாள், பூவம்மாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே. பூவம்மாள் கோவிந்தப்பனின் மனைவி.

சம்பங்கி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சா, படிச்சா," என்றாள் பூவம்மாள். "வாயத் தொறக்காத படிப்பு."

"எங்க ஆஸ்பத்திரில மருத்துவச்சிப் பயிற்சிக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்க. தங்க இடம், சாப்பாடு, உடுத்த சீல எல்லாம் அவங்களே. எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும். பண்ணாதவங்க இந்தப் புஸ்தகத்துல இருக்கற விளக்கத்த எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து நேர்ல சொல்லணும். முன்ன பின்ன மாத்தி மாத்திக் கேப்பாங்க. எடுத்துக்கிட்டா உங்கண்ணன் கையெழுத்தும் வேணும்."

மெல்லிய புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் தடித்த எழுத்தில் ஒரு சொல், அதன் கீழே அது என்ன என்று இரண்டு மூன்று வரி. நாடி. காய்ச்சல். நீரிழப்பு. நோயரும்பு காலம். இப்படி நூற்றுக்கு மேல் இருந்தது. அன்னமேரியிடம் இருந்தது ஒரே பிரதி. அடுத்த முறை வரும்போது பர்கூர்ப் பக்கம் இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோவிந்தப்பன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். பிள்ளைப்பேறு என்று இருந்த பக்கத்தில் சட்டென்று மூடினான்.

"மொதல்ல பாஸ் பண்ணட்டும். கையெழுத்து கேக்கறப்ப பாத்துக்கலாம்."

"கேட்டா போடுவியா?" என்றாள் பூவம்மாள்.

"பெரிய வூட்டுல என்னா சொல்வாங்கன்னு ஒண்ணு இருக்குதில்ல. தாலி அறுத்தவள டவுனுக்கு சம்பாதிக்க அனுப்பிட்டான்னு சொல்லமாட்டாங்களா?"

ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான். அந்த வீட்டில் சம்பங்கியின் மிச்ச ஆயுசு முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

அவள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கம் தலைக்குள் போனது. ஐந்தாம் பக்கம் போகும்போது முதல் பக்கம் வெளியே வந்துவிட்டது. ஒரு குடத்துக்குள் எவ்வளவுதான் ஊற்றுவது என்று அவளுக்கு அழுகை வந்தது. புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தோடு பின்சந்தில் போகும்போது, காய்ச்சல் என்றால் என்ன என்பதை முணுமுணுத்துக்கொண்டு போனாள். ராமப்பன் வீட்டுச் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முள் குத்தியது. நின்று எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அதே சாம்பல் மேட்டுக்கு வந்தபோது, கூப்பிடாமலே காய்ச்சல் நாக்குக்கு வந்தது: உடலின் வெப்பம் இயல்பான அளவுக்கு மேல் ஏறி நிற்பது. வார்த்தை மாறாமல் வந்தது.

சம்பங்கி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சாம்பலைப் பார்த்தாள். இது என்ன கூத்து என்று இருந்தது. பிறகு இன்னொன்றை வைத்துப் பார்த்தாள். எருக்குழியில் நீரிழப்பு. கொட்டகைச் சுவரில் நாடி. அப்படி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டே போனாள். ராமப்பனின் செவலைக் கன்றுக்குட்டியின் மேல் ஒன்றை வைத்தாள். சந்தையன்று கன்றை விற்றுவிட்டார்கள், விளக்கமும் கயிற்றோடு போய்விட்டது. நகர்கிற எதன் மேலும் வைக்கக் கூடாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

ராகிக் கல்லைச் சுற்றும்போது கண்ணை மூடி, பின்கதவைத் திறந்து, சந்தில் நடந்து, வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வருவாள். பாதிக்கு மேல் வந்தது. அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த முறை அன்னமேரி வந்து கேள்வி கேட்டாள். பூவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுக் கிருமிநீக்கம்னா என்னா?"

"நோய் உண்டாக்கும் கிருமிகளை மட்டும் அழிப்பது. எல்லாம் சாவதில்லை."

"நோய்க்கிருமி ஒழிப்பு?"

சம்பங்கி யோசித்தாள். சாம்பல் மேட்டில் நின்றாள். எந்தச் சாம்பல் மேடு என்று தெரியவில்லை. "எல்லா நுண்ணுயிர்களையும் அடியோடு அழிப்பது."

அன்னமேரி புத்தகத்தை மூடினாள். "மாத்திச் சொல்ற. தொப்புள்கொடி வெட்டற கத்தரிக்கு எது வேணும் தெரியுமா? முழுசாச் சாவடிக்கணும். நீ சும்மா கழுவிட்டு வெட்டினா புள்ளைக்கு இசிவு வந்து செத்துடும். எட்டாம் நாள்ள போயிடும்."

பூவம்மாளின் அரிவாள்மணை நின்றது. அவளுடைய முதல் பிள்ளை அப்படித்தான் போனது.

"இவ நல்லா படிக்கறாளே," என்றாள் மெதுவாக. "எப்பவும் மொணமொணன்னு எதாவது சொல்லிக்கிட்டே இருக்கறா."

"எப்படிப் படிக்கற நீ?" என்றாள் அன்னமேரி.

சம்பங்கிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. பைத்தியம் என்று நினைப்பார்கள். ஆனாலும் செத்த பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு எதையும் மறைக்க முடியவில்லை. சாம்பல் மேட்டையும் எருக்குழியையும் சொன்னாள். அன்னமேரி சிரிக்கவில்லை.

"பின்சந்துல எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? நானே வழி தெரியாம ரெண்டு தடவை வேற வூட்டுக் கொட்டகைல போய் நின்னேன். நீ ஏன் அங்க போய் வெக்கற? முன்தெருவுல வெய்யேன். ஒவ்வொரு வூடும் ஒவ்வொரு மாதிரி இருக்கே."

"முன்தெருவுல நான் போறதில்லீங்க."

"மனசுல தானடி நடக்கற? மனசுல எவன் எதிர்ல வர்றான்?"

பூவம்மாள் சிரித்துவிட்டாள். சம்பங்கியும் சிரித்தாள். ஆனால் அன்னமேரி போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. உண்மைதானே! யாரும் போகச் சொல்லாமலே, மனசுக்குள்ளேயும் பின்கதவைத்தான் திறந்துகொண்டு போயிருக்கிறாள். அங்கே தடுக்க ஆளில்லை, அப்படியும் சாம்பல் மேட்டை ஒட்டியே நடந்திருக்கிறாள்.

புத்தகம் இன்னும் ஒரு வாரம் அவளிடம் இருக்கும். பர்கூர்ப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அன்னமேரி விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அன்று மத்தியானம் ராகி அரைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. கால் வைக்கவில்லை. கல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், மாவு வழிந்துகொண்டே இருந்தது, முன்கதவு திறந்தே கிடந்தது.

மறுநாள் படி இறங்கினாள். தெருவை ஆளில்லாத தெருவாக ஆக்கிக்கொண்டாள்: எல்லோரும் களி தின்றுவிட்டுக் கண் அசரும் வேளை, நாய்கூட நிழலில் படுத்திருக்கும். முதலில் ராமப்பன் வீட்டு முன்னால் உருளைக் கிணறு. அங்கே நாடி. கிணற்றுக் கயிறு சிவப்பாக, ரத்தம் ஓடுகிற குழாயாக, உருளை ஒவ்வொரு தடவை கிறீச்சிடும்போதும் அவள் விரலுக்கடியில் எழும்பி எழும்பி அடங்கியது. இதயம் சுருங்கும்போதெல்லாம் தமனியின் சுவரில் விரலுக்குத் தெரியும் துடிப்பு. சும்மா வைத்தால் நிற்காது, விபரீதமாக வைத்தால்தான் நிற்கும் என்று அவளுக்கு ஒரே நாளில் பிடிபட்டது.

அடுத்தது கொல்லுலை. உலைக்குள் கத்தரி, துணி, எறும்பு, எறும்பு முட்டை எல்லாம் வெந்து வெள்ளையானது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. அது முழுக் கிருமிநீக்கம். நோய்க்கிருமி ஒழிப்பைப் பக்கத்தில் வைக்கவில்லை. தெருவின் அந்தக் கோடியில், ரோட்டு முனைச் சோதனைச் சாவடியில் வைத்தாள். அங்கே சாவடிக்காரன் வருகிற எறும்புகளின் வாயை மோந்து பார்த்து, சாராய வாடை அடிக்கிறவற்றை மட்டும் பிடித்து நசுக்கினான். மற்றவை கும்பிடு போட்டுவிட்டுப் போயின. இரண்டும் இனி ஒரு நாளும் சேராது.

செல்லியின் வெற்றிலைக் கடையில் தண்ணீர்ப் பானை. மேலே ஊற்றுவதைவிட அடியில் ஒழுகுவது அதிகம். அது நீரிழப்பு. டீக்கடையின் தண்ணீர்ப் பாய்லர் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியது. அதுதான் இனிமேல் காய்ச்சல், சாம்பல் மேட்டுக் காய்ச்சலைக் காலால் கலைத்துவிட்டாள். டீக்கடைச் சுவரில் சிவப்புத் தபால் பெட்டி. யாரோ ஒரு விதையைக் கடுதாசி மாதிரி உள்ளே போட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. நாள் போனது. பிறகு பெட்டியின் வாயிலிருந்து ஒரு பச்சை முளை எட்டிப் பார்த்தது. கிருமி உடலுக்குள் புகுந்த நேரத்திலிருந்து நோயின் முதல் குறி தோன்றுகிற வரைக்கும் உள்ள காலம். ரோட்டோரப் புளியமரத்தில், பிள்ளை பிறந்த பிறகு விழும் நச்சுக்கொடியை வைத்தபோது மட்டும் கை கூசியது. அதையும் வைத்தாள்.

ஆனால் கொல்லுலைக்கும் செல்லி கடைக்கும் நடுவில் நாராயணப்பனின் வீடு இருந்தது. தெருவிலேயே பெரிய கதவு. பித்தளைக் குமிழ் வரிசை வரிசையாகப் பதித்த கதவு. அவள் எத்தனை தடவை தெருவை ஆளில்லாமல் ஆக்கினாலும், அந்தக் கதவுக்கு வந்ததும் அது திறந்துகொண்டது. அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். அவள் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பக்கம் வைத்ததையெல்லாம் அந்த வீட்டைத் தாண்டிக் குதித்துப் போய்த்தான் வைத்திருந்தாள். குதித்தால் அதற்கப்புறம் இருப்பது ஒன்றும் சரியாக வரவில்லை. வழி என்றால் வழியாகப் போக வேண்டும். நடுவில் அறுந்தால் அந்தப் பக்கம் இருப்பது எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

இரண்டு நாள் போயிற்று. புத்தகத்தில் அந்த இடத்துக்கு வர வேண்டிய சொல் தடுப்பாற்றல். நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் உடலின் சக்தி. மூன்றாம் நாள் அவள் அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாள். கதவு திறந்தது. அவர் இறங்கி வந்தார். இந்தத் தடவை அவள் திரும்பவில்லை. எங்கும் போகவுமில்லை. பித்தளைக் குமிழ்களைப் பார்த்தாள். ஒவ்வொரு குமிழும் அம்மைக் கொப்புளமாக, வெளியிலிருந்து கதவை இடித்தது. இடித்து இடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் உதிர்ந்தது. ஒரு தடவை அம்மை வந்து போன வீட்டுக் கதவு அப்படித்தான் நிற்கும். அவர் தண்ணீர் டம்ளரோடு நடையில் உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்திருக்கட்டும். அவரோடு சேர்த்தே அதை அங்கே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். கல்லைச் சுற்றும்போது ஏரியிலிருந்து ரோட்டுக்கு. பாத்திரம் தேய்க்கும்போது ரோட்டிலிருந்து ஏரிக்கு. நடு ஓட்டத்தில் பூவம்மாள் மறிப்பாள்.

"எங்கடி இருக்க இப்ப?"

"செல்லி கடையில அண்ணி."

"எனக்கு அரைப் பாக்கு வாங்கிட்டு வா."

கிருஷ்ணகிரிக்குப் போன அன்று அன்னமேரிதான் வந்து கூட்டிப்போனாள். பஸ் வெயிலுக்கு முன்னால் கிளம்பியது. அவர்கள் பின்சந்து வழியாகத்தான் ரோட்டுக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள அறை. வெள்ளைச் சீலையில் டாக்டரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் மேஜைக்குப் பின்னால். சம்பங்கிக்கு முன்னால் போன பெண் கடகடவென்று முதலிலிருந்து ஒப்பித்தாள்; நடுவில் ஒன்றைக் கேட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நோயரும்பு காலம்," என்றார் டாக்டரம்மா.

சம்பங்கி டீக்கடைச் சுவருக்குப் போனாள். சொன்னாள்.

"நீரிழப்பு."

இரண்டு வீடு பின்னால் வந்தாள். சொன்னாள்.

"முழுக் கிருமிநீக்கம் எது, நோய்க்கிருமி ஒழிப்பு எது?"

கொல்லுலைக்குப் போனாள். அங்கிருந்து தெருவின் அந்தக் கோடிக்கு. இதற்குக் கொஞ்சம் நேரமானது. சாவடிக்காரன் எறும்பை மோந்து பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ஏம்மா, அந்தச் சுவத்துல என்னா எழுதியிருக்குன்னு அதையே பாக்கற?"

"ஒண்ணும் எழுதலீங்க. நடந்துக்கிட்டிருக்கேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா பென்சிலை மேஜையில் வைத்தார்.

"சரி, நட. தடுப்பாற்றல்னா என்னா?"

கதவு திறந்தது. செருப்பு. டம்ளர். அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். பென்சில் மறுபடியும் டாக்டரம்மாவின் கைக்குப் போனது. சம்பங்கி குமிழ்களை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று இடித்து உதிர்ந்தது. இன்னொன்று உதிர்ந்தது.

"நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் உடலின் சக்தி," என்றாள். "நோய் வந்து போனதாலயும் வரும், அம்மை குத்தறதாலயும் வரும்."

கேட்டு முடித்ததும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். எடுத்துக்கொள்கிறோம். வருகிற திங்கட்கிழமைக்குள் இந்தத் தாளில் காப்பாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு.

அன்னமேரி ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டாள். சம்பங்கி மட்டும் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அண்ணன் போடுவானா என்பது ஒன்றே மண்டையில் ஓடியது. அவன் முகம் தெரியும். தாளை வாங்குவான், மடிப்பான், மாடத்தில் வைப்பான். பெரிய வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்பான். திங்கட்கிழமை வந்து போகும். அந்த நினைப்பிலிருந்து தப்ப, எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கலானாள். புளியமரத்தடியில் இறங்கினாள். நச்சுக்கொடி. இருந்தது. சாவடி. இருந்தது. தபால் பெட்டி, முளை. பாய்லர், கம்பளி. செல்லி கடை, பானை. குமிழ்க் கதவு —

கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து மேளச் சத்தம் வந்தது.

மனசுக்குள் இருக்கும் தெருவில் மேளம் கிடையாது. சம்பங்கி நின்றாள். வெயில் உண்மையாகவே சுட்டது. காலடியில் இருந்தது முன்தெருவின் மண். தினம் நடந்த பழக்கத்தில் கால் தானாகத் திரும்பி வந்துவிட்டிருக்கிறது. எதிரில், நாராயணப்பனின் வாசல்படியில், தட்டுத்தட்டாகப் பூவும் பழமும் ஏந்திக்கொண்டு பெண்கள். முன்னால் பட்டு அங்கவஸ்திரத்தோடு நாராயணப்பன். மகனுக்கு நிச்சயம் செய்ய ஓசூருக்குக் கிளம்புகிறார்கள். மேளக்காரன் அவளைப் பார்த்துத்தான் முதலில் நிறுத்தினான்.

ஒதுங்க இடமில்லை. இந்தப் பக்கம் கொல்லுலை, அந்தப் பக்கம் செல்லி கடை. பின்னால் போனாலும் தெரு, முன்னால் போனாலும் தெரு. அவள் அசையாமல் நின்றாள்.

"அய்யோ, கடவுளே," என்றாள் தட்டேந்திய ஒரு கிழவி. "மூளிய யாரு தெருவுல வுட்டது?"

"கோவிந்தப்பன் தங்கச்சி தானே?" நாராயணப்பனின் குரல் உயரவில்லை. "கண்ணு தெரியலியா உனக்கு? பாக்கறா பாரு, என் கதவையே பாக்கறா! எதுக்கு பாக்கற?"

அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழ்கள் வெறும் பித்தளையாக இருந்தன.

"தப்பாயிடுச்சுங்க ஐயா," என்றாள். இவ்வளவு நாளில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

தட்டுகள் உள்ளே போயின. செருப்புகள் கழன்றன. கதவைச் சாத்தவில்லை, அது இன்னும் மோசம். எல்லோரும் நடையில் உட்கார்ந்து அவள் போவதற்காகக் காத்திருந்தார்கள். வீடு வரைக்கும் இருந்த தூரத்தை அவள் அவ்வளவு பேர் பார்க்க நடந்தாள். கிணற்றைத் தாண்டும்போது உருளை கிறீச்சிட்டது. ராமப்பன் பெண்டாட்டி தண்ணீர் சேந்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் கோவிந்தப்பனைப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டார்கள். திரும்பி வந்தவன் கை கால் கழுவவில்லை. நடுவீட்டில் நின்றான்.

"நீ வேணும்னுதான் பண்ணியா?"

"இல்லண்ணா."

"பின்ன எப்பிடி அங்க போன? மூணு வருசமா போவாதவ இன்னிக்கி எப்பிடி போவ?"

"நான் தெனமும் அங்கதாண்ணா போயிக்கிட்டிருந்தேன்."

அவனுக்கு விளங்கவில்லை. பூவம்மாள் குறுக்கே வந்தாள். "என்னா சொன்னாரு அவரு?"

"அவள இந்தத் தெருவுல வெச்சுக்கிட்டு என் நெலத்துல ஏரு பூட்டாதேன்னாரு." கோவிந்தப்பன் கையை நீட்டினான். "அந்தத் தாளு எங்க?"

சம்பங்கி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் படிக்கவில்லை. மடிக்கவில்லை. மாடத்திலும் வைக்கவில்லை. பூவம்மாள் பக்கத்து வீட்டில் மைக்கூடு வாங்கி வருகிற வரைக்கும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தரையில் உட்கார்ந்து, கோடு போட்ட இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்தித் தன் பேரைப் போட்டான். இத்தனை நாளாக அவள் கெஞ்ச நினைத்துக் கெஞ்சாத கையெழுத்து, துரத்துகிற கையெழுத்தாக வந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் வேணாம். நாளைக்கே போயிடு," என்றான். மைக்கூட்டை மூடிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "பின்சந்து வழியாப் போ, பாப்பா," என்றான்.

பாப்பா என்று அவன் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டிருந்தது. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

காலையில் துணி மூட்டையைப் பூவம்மாள் தூக்கிக்கொண்டாள். சந்தில் சாம்பல் மேடு, எருக்குழி, கொட்டகைச் சுவர். சம்பங்கி எதையும் பார்க்காமல் நடந்தாள். புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். லாரிகள் பெங்களூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"படிச்சது எல்லாம் இருக்குதா?" என்றாள் பூவம்மாள்.

"இருக்குது அண்ணி. தெருவுல இருக்குது."

"அங்க போயும் இன்னும் நெறைய படிக்கணும்னாளே அன்னமேரி. அதுக்கெல்லாம் என்னா பண்ணுவ?"

"அதையும் இங்கதான் கொண்டாந்து வெக்கணும். எனக்கு வேற தெரு தெரியாது."

பூவம்மாள் யோசித்தாள். "அப்ப பெரிய வூடு?"

"அது நடுவுல இருக்குதே அண்ணி. அத வுட்டுட்டா அந்தப் பக்கம் ஒண்ணும் வராது. கூடத்தான் வரும்."

பஸ் வந்தது. கண்டக்டர் மூட்டையை வாங்கிக் கூரைக்கு எறிந்தான். பூவம்மாள் படிக்கட்டு வரைக்கும் வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாக்கை அவிழ்த்து அவள் கையில் வைத்தாள்.

"அந்தக் கத்தரிய மட்டும் நல்லா வேக வெய்யி," என்றாள்.